வருமான வரி ஒரு பைசா இல்லை, ஆனாலும் கைக்கு வருவது 13,087 மட்டும்: பிஎஃப், இஎஸ்ஐ கணக்கு யாராவது சொல்லுங்கள்

நொய்யல்கரை

வணக்கம். என் தம்பிக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை கிடைத்தது. வேலைக்கான கடிதத்தில் மாதம் 17,438 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். முதல் மாதம் வங்கிக் கணக்கில் ஏறியது 13,087. சம்பளச் சீட்டில் பேஸிக்கும் டிஏவும் சேர்த்து 15,000. அதில் வருங்கால வைப்பு நிதியான பிஎஃப்புக்கு 1,800, தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்கு 113 பிடித்தம். மீதி 2,438 எங்கே என்று கேட்டதற்கு, "அது கம்பெனி பங்கு, சிடிசியில் வரும்" என்று முடித்துவிட்டார்கள்.

இன்னொன்று. பெங்களூரில் இருக்கும் என் நண்பன் மாதம் ஒரு லட்சம் வாங்குகிறான். அவனுக்கும் பிஎஃப் 1,800தான். வருமான வரி அவனுக்கும் இல்லை, என் தம்பிக்கும் இல்லை. ஒரு லட்சக்காரனுக்கும் பதினைந்தாயிரக்காரனுக்கும் ஒரே பிடித்தம் என்றால் இது என்ன கணக்கு?

சோமனூர் தறி

தம்பி, முதலாளி பங்கு முதலாளியின் கையிலிருந்துதான் போகிறது. நான் 22 பேரை வைத்து நடத்துகிறேன். 15,000 சம்பளத்துக்கு பிஎஃப் பக்கம் 1,950, இஎஸ்ஐ 488 என்று தலைக்கு 2,438 ரூபாய் நான் கட்டுகிறேன். நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். 20 பேருக்குக் கீழே இருந்தால் பிஎஃப் தொல்லையே இல்லை. எங்கள் ஊரில் எத்தனை யூனிட் 19 ஆளோடு நிற்கிறது என்று வந்து பாருங்கள்.

அப்புறம், 15,000-ஐத் தாண்டிவிட்டால் பிஎஃப் கட்டாயமில்லை. உங்கள் தம்பி சம்பளம் ஏறியதும் எழுதிக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை ஈரோடு

சோமனூர் அண்ணா, கடைசியில் சொன்னது பாதி சரி. 15,000-க்கு மேல் சம்பளத்தில் *முதன்முதலாக* வேலைக்குச் சேருகிறவர், இதற்கு முன் பிஎஃப் உறுப்பினராக இருந்ததில்லை என்றால், வேண்டாம் என்று சொல்லலாம். ஒருமுறை உள்ளே வந்துவிட்டவர் சம்பளம் ஏறியதும் வெளியே போக முடியாது. அவருக்கு 15,000 என்பது வெளியேறும் வாசல் இல்லை. பிடித்தம் அதற்கு மேல் ஏறத் தேவையில்லை, அவ்வளவுதான். சம்பளம் நாற்பதாயிரம் ஆனாலும் சட்டப்படி 1,800 பிடித்தால் போதும்.

நொய்யல்கரை, உங்கள் தம்பியின் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்போம். கம்பெனிக்கு அவர் மேல் ஆகும் செலவு 17,438. அவர் கைக்கு வருவது 13,087. நடுவில் 4,351 ரூபாய், கிட்டத்தட்ட கால்வாசி. வருமான வரி சுழியம் என்றாலும் ஒருவருடைய உழைப்புக்கு ஆகும் செலவில் கால்வாசி கைக்கு வராமல் போவது உண்மைதான்.

ஆனால் அந்த 4,351 எங்கே போய் விழுகிறது என்பதைப் பாருங்கள். தம்பியின் 1,800 முழுதும் அவருடைய பிஎஃப் கணக்குக்குப் போகிறது. கம்பெனியின் 1,800-ல் 1,250 பென்ஷன் திட்டத்துக்கு, மீதி 550 தம்பியின் பிஎஃப் கணக்குக்கு. ஆக அவர் பெயரில் மாதம் 2,350 சேர்கிறது. கம்பெனி கூடுதலாகக் கட்டும் 150-ல் 75 ஆயுள் காப்பீட்டுக்கு, 75 நிர்வாகச் செலவுக்கு. இஎஸ்ஐயில் இருவர் பங்கும் சேர்த்து 601. வருமான வரிபோல் அரசின் பொதுக் கணக்கில் போய்க் கலக்கும் பணம் இதில் இல்லை. ஆனால் எல்லாமே உங்கள் தம்பியின் சேமிப்பும் இல்லை. 1,250-ம் 601-ம் பொதுத் தொட்டியில் விழுபவை. அவற்றிலிருந்து அவருக்கு என்ன கிடைக்கும் என்பது அவருடைய உடல்நிலையையும் ஆயுளையும் பொறுத்தது.

முதலில் ஒன்று செய்யுங்கள். தம்பியின் பிஎஃப் உறுப்பினர் எண்ணான யுஏஎன்னை வைத்து பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். 1,800, 550, 1,250 என்று மூன்று பத்தியில் வர வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்திருந்தும் அடுத்த மாதக் கடைசி வரை பாஸ்புக்கில் ஏறவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

நொய்யல்கரை

பார்த்தேன் சார், மூன்றும் ஏறியிருக்கிறது. ஆனால் 17,438 என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு கம்பெனி பங்கையும் அதற்குள்ளேயே அடக்குவது சரியா? அப்படியானால் இரண்டு பங்கையும் என் தம்பிதானே கட்டுகிறான்?

கணக்குப்பிள்ளை ஈரோடு

சட்டம் ஒரு பதில் சொல்லும், சந்தை வேறு பதில் சொல்லும்.

முதலாளி பங்கைத் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்பது 1952-ஆம் ஆண்டு பிஎஃப் திட்டத்தின் 31-ஆம் பத்தியிலேயே இருக்கிறது. ஊதியம் 15,000 என்று ஒப்புக்கொண்ட பிறகு அதில் 3,600 பிடித்தால் அது மீறல். ஆனால் சேரும்போதே "மொத்தச் செலவு 17,438, அதில் ஊதியம் 15,000" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால், ஊதியத்திலிருந்து எதையும் பிடித்ததாக ஆகாது. பேச்சில் ஒரு தொகையும் சீட்டில் ஒரு தொகையுமாக இருப்பது உறுத்தும், ஆனால் வழக்குப் போட அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்த 15,000 அவர் வேலைக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. 17,438-ஐக் காட்டிக் குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

பழைய பஞ்சாலை

கணக்கெல்லாம் சரி. ஆனால் 15,000 என்ற கோடு யாருக்கு நல்லது என்று யாரும் சொல்லவில்லையே.

நான் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2014 ஆகஸ்டு வரை வரம்பு 6,500. செப்டம்பரில் 15,000 ஆக்கினார்கள். அதற்கப்புறம் அரிசி விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, வரம்பு மட்டும் அங்கேயே நிற்கிறது. வருமான வரிக்கு வரம்பு உண்டா? கூடச் சம்பாதித்தால் கூடக் கட்டுகிறான். இதில் மட்டும் ஏன் மேலே இருப்பவனுக்குச் சலுகை?

பெருங்குடிவாசி

ஐயா, சலுகை என்று சொல்ல முடியாது. கட்டுவதற்கு வரம்பு இருப்பதால்தான் திரும்பக் கிடைப்பதற்கும் வரம்பு இருக்கிறது. கூடக் கட்டினால் கூடப் பென்ஷன் கொடுக்க வேண்டுமே.

பழைய பஞ்சாலை

அதைத்தான் சொல்கிறேன். எனக்கு வரும் பென்ஷனில் மருந்துக் கடைக்குப் போய்வந்தால் மீதி இல்லை. வரம்பு தாழ்ந்திருந்ததால்தானே?

கணக்குப்பிள்ளை ஈரோடு

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பென்ஷன் சூத்திரம் எளிது: பென்ஷனுக்குரிய சம்பளம் பெருக்கல் பணி ஆண்டுகள், வகுத்தல் 70. இன்றைய வரம்பில், உங்கள் தம்பி மாதிரி ஒருவர் 30 வருடம் கட்டி 58 வயதில் ஓய்வு பெற்றால் 2 வருடம் போனஸாகச் சேர்த்து 32 என்று வைப்பார்கள். 15,000 × 32 ÷ 70, அதாவது 6,857 ரூபாய். நடுவில் அவர் சம்பளம் அறுபதாயிரம் ஆகியிருந்தாலும் இதே 6,857தான். பஞ்சாலை ஐயாவுக்கு 2014 செப்டம்பருக்கு முந்தைய ஆண்டுகளை 6,500 கணக்கில் எடுத்திருப்பார்கள். அதனால் இன்னும் குறைவு.

முதல் பதிவில் கேட்ட கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. 15,000 வாங்குகிறவருக்கு 1,800 என்பது 12 சதவீதம். ஒரு லட்சம் வாங்குகிறவருக்கு 1.8 சதவீதம். இரண்டு லட்சத்துக்கு 0.9 சதவீதம். மேலே போகப் போக பிஎஃப் சுமை இளைக்கிறது. வருமான வரி தலைகீழ். 2025-26 கணக்கில், புதிய முறையில், ஒரு லட்சக்காரருக்கு வரி இல்லை. ஆண்டுக்கு 12 லட்சத்தில் நிலைக்கழிவு 75,000 போக 11.25 லட்சம், அது தள்ளுபடிக்குள் வந்துவிடுகிறது. இரண்டு லட்சம் வாங்குகிறவருக்கு செஸ்ஸோடு 2,92,500, அதாவது சம்பளத்தில் 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பதினைந்தாயிரக்காரர் பிஎஃப்பில் தரும் அதே 12 சதவீதத்தை இரண்டு லட்சக்காரர் வரியாகத் தருகிறார். ஒருவர் பணத்தில் பெரும்பங்கு அவர் பெயரிலேயே சேர்கிறது, மற்றவர் பணம் நாட்டுக்குப் போகிறது.

தேன்மொழி கோவை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு பிஎஃப் பிரச்சினை இல்லை, இஎஸ்ஐதான். சம்பளம் 20,800. மே மாதத்திலிருந்து 21,400 தருவதாகச் சொல்கிறார்கள். 21,000-ஐத் தாண்டினால் இஎஸ்ஐ போய்விடும் என்று கூட வேலை செய்யும் அக்கா பயமுறுத்துகிறார். அம்மாவுக்கு இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில்தான் சிறுநீரக வைத்தியம் நடக்கிறது. 600 ரூபாய் உயர்வே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? வரிபோல 21,000-க்கு மேல் இருக்கும் 400-க்கு மட்டும் இஎஸ்ஐ இல்லை என்று ஆகாதா?

சோமனூர் தறி

வாங்கிக்கொள்ளம்மா. சம்பளத்தில் கொஞ்சத்தை அலவன்ஸ் என்று மாற்றி எழுதினால் 21,000-க்குள் நிற்கும்.

கணக்குப்பிள்ளை ஈரோடு

அண்ணா, அது அவ்வளவு எளிதில்லை. இஎஸ்ஐயில் 2025 நவம்பர் வரை வீட்டு வாடகைப் படி உட்பட ஏறக்குறைய முழுச் சம்பளத்தையும் பார்த்தார்கள். பிஎஃப்பிலும், எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் படியை அடிப்படை ஊதியத்தோடு சேர்க்க வேண்டும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பில், ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது ஊதியமாகவே எண்ணப்படும்.

தேன்மொழி, உங்கள் அக்கா சொன்னது சரி, ஆனால் அவர் பயப்படும் வேகத்தில் நடக்காது. இஎஸ்ஐயின் 21,000 வரம்பு பிஎஃப் மாதிரியும் இல்லை, வரி மாதிரியும் இல்லை. பிஎஃப்பில் கோட்டுக்கு மேல் இருக்கும் பகுதியை விட்டுவிடுவார்கள். வரியில் கோட்டுக்கு மேல் இருக்கும் பகுதிக்கு மட்டும் கூடுதல் விகிதம். இஎஸ்ஐயில் கோட்டைத் தாண்டினால் ஆளையே விட்டுவிடுவார்கள்.

ஆனால் எந்த மாதம் தாண்டுகிறீர்கள் என்பது முக்கியம். கட்டணக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. காலத்தின் நடுவில் சம்பளம் ஏறினால் அந்தக் காலம் முடியும்வரை நீங்கள் உள்ளேதான். உங்களுக்கு மே மாதம் என்பதால் செப்டம்பர் வரை பிடித்தம் தொடரும், அதுவும் 21,400 முழுவதற்கும்: 0.75 சதவீதம் 160 ரூபாய் 50 காசு, மேலே ரவுண்டு செய்து 161. ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கான பயன் அடுத்த ஆண்டு ஜனவரியிலிருந்து ஜூன் வரை. ஆக அம்மாவின் வைத்தியம் அடுத்த ஜூன் 30 வரை தடையில்லாமல் நடக்கும்.

இதே உயர்வை ஏப்ரல் ஒன்றாம் தேதியே கொடுத்திருந்தால் அன்றே வெளியே. பயன் அந்த டிசம்பரோடு முடியும். ஒரு மாத வித்தியாசத்தில் ஆறு மாத வைத்தியம். இன்னொன்றும் உண்டு. 21,000-ஐத் தாண்டிவிட்டாரா என்று பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்க மாட்டார்கள். உயர்வுக்குப் பதில் ஓவர்டைம் கிடைத்தால் வரம்பு தாண்டாது.

தேன்மொழி கோவை

அப்படியானால் அடுத்த ஜூனுக்கு அப்புறம்?

கணக்குப்பிள்ளை ஈரோடு

அதற்கப்புறம் உங்கள் கையில் மாதம் 600-உம் பிடித்தமாகப் போய்க்கொண்டிருந்த 161-உம் இருக்கும். அம்மாவின் வயதுக்கும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் அந்தத் தொகையில் வெளியே காப்பீடு கிடைக்காது. கம்பெனியில் குரூப் இன்ஷூரன்ஸ் இருந்து, அதில் பெற்றோரையும் சேர்க்க முடியுமென்றால் நிலைமை வேறு. உயர்வை ஏற்பதா மறுப்பதா என்பதை அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரயில் பயணி

வரி பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். நாலு வருடமாக பிஎஃப் கட்டுகிறேன், இப்போது எடுத்தால் வரி பிடிப்பார்களா?

கணக்குப்பிள்ளை ஈரோடு

தொடர்ச்சியாக ஐந்து வருடம் ஆகாமல் கணக்கை முடித்து எடுத்தால் வரி உண்டு. 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் பான் எண் இருந்தும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பழைய கம்பெனிக் கணக்கைப் புதியதற்கு மாற்றியிருந்தால் இரண்டு இடத்துப் பணிக்காலமும் சேரும். அதை முதலில் பாருங்கள்.

பெருங்குடிவாசி

என் கேள்வி வேறு வகை. என் சிடிசி 18 லட்சம், பேஸிக் மாதம் 60,000. எச்ஆர் எனக்கு இரண்டு வழி தருகிறார்கள்: பிஎஃப்பை 1,800-ல் நிறுத்தலாம், இல்லையென்றால் முழு பேஸிக்குக்கும் 12 சதவீதம், அதாவது 7,200. புதிய வரி முறையில் பிஎஃப் கட்டியதற்கான 80சி கழிவு இல்லையே. பிறகு எதற்கு முழுதும் கட்ட வேண்டும்? கையில் வாங்கி மியூச்சுவல் ஃபண்டில் போட்டுக்கொள்கிறேனே.

கணக்குப்பிள்ளை ஈரோடு

பலர் தப்புக் கணக்குப் போடும் இடம் இது. புதிய முறையில் வரிச்சலுகை போனது *உங்கள்* பங்குக்கு மட்டும். கம்பெனி பங்கு, பேஸிக்கில் 12 சதவீதம் வரை, இப்போதும் உங்கள் வருமானத்தில் சேராது.

1,800-ல் நிறுத்தினால் கம்பெனி பங்கு ஆண்டுக்கு 21,600. கிராஜுவிட்டி போன்றவற்றை விட்டுவிட்டால் சம்பளம் 17,78,400. நிலைக்கழிவு போக வரி செஸ்ஸோடு 1,46,307.

முழு பேஸிக்குக்கும் என்றால் கம்பெனி பங்கு 86,400. சம்பளம் 17,13,600 ஆகக் குறைகிறது. வரி 1,32,829.

வித்தியாசம் 13,478. இது கம்பெனி பங்கு 64,800 கூடியதால் மட்டும் வந்தது. உங்கள் பங்கு 64,800 கூடியதற்கு வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கைக்கு வருவது மாதம் ஏறக்குறைய 9,700 குறையும், பிஎஃப்பில் மாதம் 10,800 கூடும். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். நீங்கள் 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000-க்கு மேல் சம்பளத்தில் முதன்முதலாகச் சேர்ந்தவர் என்றால் பென்ஷன் திட்டமே உங்களுக்கு இல்லை. கம்பெனியின் 12 சதவீதமும் பிஎஃப் கணக்குக்கே வரும்.

பெருங்குடிவாசி

கம்பெனி பங்கை 7,200 ஆக்கி என் பங்கை 1,800-ல் வைக்க முடியுமா? அதுதானே புத்திசாலித்தனம்?

கணக்குப்பிள்ளை ஈரோடு

முடியாது. உங்கள் பங்கு கம்பெனி பங்குக்குக் குறையக் கூடாது. நீங்கள் வேண்டுமானால் விபிஎஃப் என்று கூடக் கட்டலாம். உங்கள் பங்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி.

பழைய பஞ்சாலை

பாருங்கள், அறுபதாயிரம் பேஸிக்காரருக்கு 1,800-ஆ 7,200-ஆ என்று தேர்ந்தெடுக்க இரண்டு வழி, வரியிலும் மிச்சம். தேன்மொழி அம்மாவுக்கு 400 ரூபாய் கூடினால் ஆஸ்பத்திரி போகிறது. வரம்பை உயர்த்தப் போவதாக ஒவ்வொரு வருடமும் பேச்சு வருகிறது, எத்தனை பேருக்கு நல்லது.

சோமனூர் தறி

ஐயா, உயர்த்தட்டும். ஒரு பேச்சுக்கு பிஎஃப் வரம்பு 25,000 என்று வையுங்கள். என்னிடம் 25,000 வாங்கும் மேஸ்திரிக்கு இன்று 1,800 பிடிக்கிறேன், அன்று 3,000. அவர் கைக்கு 1,200 குறையும். எனக்கு 1,300 கூடும். அந்த 1,300-ஐ அடுத்த வருட சம்பள உயர்வில்தான் சரிக்கட்டுவேன், பொய் சொல்ல மாட்டேன். அவர் வந்து என்னிடம்தான் சண்டை போடுவார், உங்களிடம் இல்லை.

பழைய பஞ்சாலை

முதலாளி கையிலிருந்து போகிறது என்று மேலே சொன்னது யார்?

கணக்குப்பிள்ளை ஈரோடு

பஞ்சாலை ஐயா பிடித்துவிட்டார். இன்று கட்டுவது முதலாளி, கொஞ்ச நாளில் அது சம்பள உயர்வில் கரைந்துவிடும் என்பதுதான் பொருளாதாரம் படித்தவர்களும் பொதுவாகச் சொல்வது. குறைந்தபட்ச ஊதியத்தில் இருப்பவர் சம்பளத்தை அப்படி அமுக்க முடியாது. அங்கே முதலாளி உண்மையிலேயே சுமப்பார், இல்லையென்றால் சோமனூர் அண்ணா சொன்ன மாதிரி 19 ஆளோடு நிறுத்திக்கொள்வார். ஆனால் 25,000 ஆனால் மேஸ்திரியின் பென்ஷன் பங்கும் 1,250-லிருந்து 2,083 ஆகும், பென்ஷன் கணக்கும் 25,000-ல் போடுவார்கள். அந்த 1,200-ஐ இன்று விடுவதா என்று மேஸ்திரியைக் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்கும் தெரியும்.

நொய்யல்கரை

என் தம்பியைக் கேட்டேன். "13,087-ல் வாடகை 4,000 போகிறது, முப்பது வருடம் கழித்து வரும் 6,857-ஐ வைத்து நான் என்ன செய்ய" என்கிறான். ஆனால் போன வாரம் காய்ச்சலுக்கு இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போய்விட்டு வந்து அந்த 113-ஐப் பற்றி இப்போது பேசுவதில்லை. கடிதத்தில் 17,438 என்று போட்டதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

தேன்மொழி கோவை

எச்ஆரில் கேட்டேன். குரூப் இன்ஷூரன்ஸ் உண்டாம், ஆனால் பெற்றோர் சேர்க்கை இல்லையாம். உயர்வுக்குப் பதில் ஓவர்டைம் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சொல்கிறார்களாம்.